லிக்விட் லிமிட் முதல் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் வரை: கரிசல் மண் அறிக்கை ஒன்றை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டி பக்கம் கரிசல் நிலத்தில் கட்டடம் வருகிறது. மண் பரிசோதனை அறிக்கையில் லிக்விட் லிமிட் 64, பிளாஸ்டிக் லிமிட் 27, பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 37, வகை CH என்று போட்டிருக்கிறார்கள். இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

மூன்றுமே நீர் அளவுகள். காய்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்ற கணக்கு. இந்த மண்ணின் 100 கிராம் காய்ந்த பொடியில் 27 கிராம் தண்ணீர் சேரும் வரை, பிசைந்தால் உதிரும். 27-க்கும் 64-க்கும் நடுவில் விரிசல் விடாமல் எந்த வடிவத்துக்கும் வளையும். 64-ஐத் தாண்டினால் தன் எடையாலேயே ஓட ஆரம்பிக்கும். வளையும் நிலை எவ்வளவு அகலம் என்பதே பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ்: 64-இல் 27 போக 37.

சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் இந்த எல்லைகளை வகுத்தார். அவர் வேளாண் மண்ணை ஆராய்ந்தவர். மண் பொறியியலாளர் டெர்சாகி அதைக் கட்டுமானத் துறைக்குக் கொண்டுவந்தார். ஆர்தர் காசாகிராண்டே 1932-இல் இன்று எல்லா லேபிலும் இருக்கும் பித்தளைக் கிண்ணக் கருவியைக் கொடுத்தார்.

இந்த எண்கள் பிசைந்து குழைத்த மண்ணின் குணத்தைச் சொல்பவை என்பதை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். நிலத்துக்குள் அந்த மண் எந்த அமைப்பில், எவ்வளவு இறுக்கமாகக் கிடக்கிறது என்பது இவற்றில் இல்லை. அதனால் இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து யாராவது தாங்குதிறன் எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரே மண்ணைத்தான் தொடர்கின்றன. எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் கரிசலுக்குப் பொருந்தும் அளவிலேயே இருக்கின்றன.

லேபுக்கு மூட்டையில் மண் கொடுத்தோம். அவர்கள் அதை உலர்த்திச் சலித்துத்தான் சோதிக்கிறார்கள். முழு மண்ணையும் ஏன் எடுப்பதில்லை?

இந்தியத் தர நூலான ஐ.எஸ். 2720 பகுதி 5 சொல்வது, 425 மைக்ரான் சல்லடையில் விழுந்த மண்ணை எடுக்க வேண்டும் என்று. அதைவிடப் பெரிய மணல் பருக்கைகள் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. கிண்ணத்தில் கீறும் பள்ளத்தையும், உருட்டும் இழையையும் அவை கிழித்துவிடும்.

கவனிக்க வேண்டியது உலர்த்தும் முறை. காற்றில் உலர்த்த வேண்டும். அவசரத்துக்கு ஓவனில் 105 டிகிரியில் வைத்து எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்த்தால், சில மண்கள் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. மட்கிய பொருள் கலந்த சதுப்பு மண்ணில் இது மிக அதிகம். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, லிக்விட் லிமிட் குறைந்து காட்டும். இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். ஓவனில் உலர்த்திய மண்ணின் லிக்விட் லிமிட், உலர்த்தாத மண்ணினுடையதில் 0.75 பங்குக்கும் குறைவாக இருந்தால் அது கரிம மண் என்று அமெரிக்க முறை வகைப்படுத்துகிறது.

அடுத்தது ஊறல். காய்ந்த கரிசல் கட்டிக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். குழைத்த உடனே சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகள் உள்ளே காய்ந்தே கிடக்கும். களிமண்ணைக் குழைத்து 24 மணி நேரம் மூடி வைப்பது வழக்கம். காலையில் மண் கொடுத்து மாலையில் கரிசலுக்கு அறிக்கை வந்துவிட்டால் ஊற வைத்தார்களா என்று கேளுங்கள்.

லிக்விட் லிமிட்டை 25 ப்ளோவில் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை சரியாக எப்படி நடக்க வேண்டும்?

சுமார் 120 கிராம் மண்ணை வடிகட்டிய நீரில் குழைத்து, ஒரு பகுதியைப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, நடுவில் 1 செ.மீ. ஆழம் இருக்கும்படி சமன் செய்கிறார்கள். பள்ளம் கீறும் கருவியால் நடுவே ஒரே இழுப்பில் ஒரு பள்ளம். காசாகிராண்டே கருவி கீறும் பள்ளம் அடியில் 2 மி.மீ., மேலே 11 மி.மீ., உயரம் 8 மி.மீ. பிறகு கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று வேகத்தில் சுற்றினால், கிண்ணம் ஒவ்வொரு சுற்றுக்கும் 10 மி.மீ. உயரம் எழுந்து கடினமான ரப்பர் அடித்தளத்தில் விழும். ஒரு விழுதல் ஒரு ப்ளோ. பள்ளத்தின் இரு கரையும் அடியில் சுமார் 12 மி.மீ. நீளத்துக்குச் சேரும்போது எத்தனை ப்ளோ ஆனது என்று குறிக்க வேண்டும். சேர்ந்த இடத்தின் குறுக்கே ஒரு துண்டு மண்ணை எடுத்து நீர் அளவு பார்க்க வேண்டும்.

மண் ஓடிச் சேர வேண்டும் என்பது முக்கியம். மணல் கலந்த மண்ணில் கரை அப்படியே கிண்ணத்தோடு வழுக்கி வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை வந்துவிடும், ஆனால் அது மண்ணின் வலிமையைக் காட்டாது. வழுக்கலா ஓட்டமா என்று தெரிய, சேர்ந்த இடத்தைக் கத்தியால் லேசாகப் பிரித்துப் பார்த்தால் போதும். ஓடிச் சேர்ந்த மண் ஒன்றாகவே இருக்கும், வழுக்கி வந்தது கரை கரையாகப் பிரியும்.

கருவியில் அடிக்கடி தவறுவது உயரம்தான். கிண்ணத்தில் அடித்தளத்தைத் தொடும் இடம் நாள்பட்ட பயன்பாட்டில் தேய்ந்து பொட்டாகிவிடும். சரிசெய்யும் திருகும் தளர்ந்துபோகும். உயரம் 10-க்குப் பதில் 11 மி.மீ. ஆனால் ஒவ்வொரு விழுதலும் பலமாக இருக்கும், பள்ளம் சீக்கிரம் மூடும், ஆகவே 25 ப்ளோவில் மூடுவதற்கு மண் இன்னும் இறுக்கமாக, அதாவது காய்ந்ததாக இருக்க வேண்டும். விளைவாக லிக்விட் லிமிட் உள்ளதைவிடக் குறைந்து காட்டும். பள்ளம் கீறும் கருவியின் கைப்பிடி முனை 10 மி.மீ. கனத்தில் இருப்பதே இதை அளக்கத்தான். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அதைக் கிண்ணத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாத லேபின் எண்களை நான் நம்புவதில்லை.

அடித்தள ரப்பரின் கடினமும் எண்ணை மாற்றும். மென்மையான அடித்தளம் அதிர்வை விழுங்குவதால் லிக்விட் லிமிட் சற்று உயர்ந்து வரும். பிரிட்டிஷ் முறைக் கருவிக்கும் அமெரிக்க முறைக் கருவிக்கும் எண்கள் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

சரியாக 25 ப்ளோவில் மூடும் மண்ணைக் கலப்பது நடக்கிற காரியமா? 64 என்ற எண் எப்படி வந்தது?

யாரும் 25-ஐக் குறிபார்த்துக் கலப்பதில்லை. காய்ந்த நிலையிலிருந்து ஈரம் கூட்டிக்கொண்டே போய், 15-க்கும் 35-க்கும் இடையில் நான்கு புள்ளிகள் எடுப்பார்கள். நம் கரிசலுக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
N (blows)   w (%)
34          62.1
29          63.1
22          64.8
17          66.3
```

22 ப்ளோ வரிசையில் நீர் அளவு வந்த விதம்: டப்பா 20.40 கிராம், ஈர மண்ணோடு 41.00, ஓவனிலிருந்து எடுத்த பின் 32.90. தண்ணீர் 8.10 கிராம், காய்ந்த மண் 12.50 கிராம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 64.8 சதவீதம்.

செமி லாக் தாளில் ப்ளோ எண்ணிக்கையை லாக் அச்சிலும் நீர் அளவைச் சாதாரண அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும். 25 ப்ளோவுக்கு நேராக அந்தக் கோடு 64-ஐத் தொடுகிறது. அதுதான் லிக்விட் லிமிட். ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு சதவீதம் விலகி நின்றால், அதையும் சேர்த்துச் சராசரிக் கோடு போடாதீர்கள். அந்தப் புள்ளியை மறுபடி செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் டப்பா எடையில் அல்லது குழைப்பதில் தவறு இருக்கும்.

நேரம் இல்லாதபோது ஒரே புள்ளியை வைத்தும் கணக்கிடலாம். லிக்விட் லிமிட் 50-க்கு மேல் உள்ள மண்ணுக்கு ஐ.எஸ். தரும் அடுக்கு 0.12:

```
LL = w × (N/25)^0.12
   = 64.8 × (22/25)^0.12
   = 63.8
```

நான்கு புள்ளியில் வந்த 64-க்கு இது மிக அருகில். சரிபார்க்க நல்ல வழி, ஆனால் அறிக்கையில் இதை மட்டும் நம்பி எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

கூம்புக் கருவியிலும் லிக்விட் லிமிட் எடுக்கிறார்கள். எது மேல்?

80 கிராம் எடையுள்ள கூம்பு, குழைத்த மண்ணின் மேற்பரப்பைத் தொட்ட நிலையிலிருந்து விடப்பட்டு, 5 நொடியில் 20 மி.மீ. இறங்கினால் அந்த நீர் அளவே லிக்விட் லிமிட். பள்ளம் கீறும் கைப்பழக்கம், சுற்றும் வேகம், அடித்தளத்தின் கடினம் எதுவும் இதில் இல்லை. மணல் கலந்த, பிசைவுத்தன்மை குறைந்த மண்ணுக்குக் கூம்புதான் நம்பகமானது, ஏனென்றால் வழுக்கல் என்ற சிக்கலே வராது. இரண்டு முறைக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம் என்பதால், எந்த முறை என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். கூம்பின் முனை மழுங்கியிருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் லிமிட் வெறும் கையால் உருட்டுவதுதானே? அதில் என்ன பெரிய தவறு வந்துவிடும்?

பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸில் வரும் பெரும்பாலான குழப்பத்துக்கு இந்தச் சோதனைதான் காரணம். எளிமையாகத் தெரிவதால் கவனமில்லாமல் செய்கிறார்கள்.

குழைத்த மண்ணில் ஒரு சிறு உருண்டையை எடுத்து, கண்ணாடித் தட்டில் விரல்களால் உருட்டி 3 மி.மீ. விட்டமுள்ள இழையாக்க வேண்டும். உடையாமல் 3 மி.மீ. வந்துவிட்டால் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். அதை மறுபடி உருண்டையாக்கிப் பிசைந்து உருட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையின் சூட்டில் கொஞ்சம் ஈரம் போகும். இழை சரியாக 3 மி.மீ. ஆகும்போது உதிரத் தொடங்கும் நிலை வரும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி நீர் அளவு பார்த்தால் அது பிளாஸ்டிக் லிமிட்.

தவறு இரண்டு திசையிலும் போகும். முதல் உருட்டலிலேயே 3 மி.மீ. வந்துவிட்டது என்று எடுத்து எடைபோட்டால், மண் ஈரமாகவே இருக்கும். பிளாஸ்டிக் லிமிட் உயர்ந்து, இண்டெக்ஸ் குறைந்து காட்டும். மாறாக, இழை 5 மி.மீ. கனத்தில் இருக்கும்போதே உதிர்ந்ததை ஏற்றுக்கொண்டால் மண் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் லிமிட் தாழ்ந்து, இண்டெக்ஸ் பெருத்து வரும். 3 மி.மீ. கம்பி ஒன்றைத் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

எடை விஷயமும் சின்னதல்ல. இந்தச் சோதனைக்குக் கிடைக்கும் மண்ணே 7 கிராம் அளவுதான். அதில் காய்ந்த மண் 5.5 கிராம், தண்ணீர் 1.5 கிராம். துண்டுகளைப் பொறுக்கும்போது டப்பா திறந்தே கிடந்து 0.1 கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டால், முடிவு கிட்டத்தட்ட 1.8 சதவீதம் தவறிவிடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உருட்டும் லேபுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. 0.01 கிராம் காட்டும் தராசும், மூடியுள்ள டப்பாவும் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

நம் கரிசலுக்கு மூன்று முறை உருட்டி 27.1, 26.4, 27.5 வந்தன. சராசரி 27.0. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதுதான் நம்பிக்கை தருவது. சராசரியை மட்டும் எழுதி மூன்றையும் மறைக்கும் அறிக்கையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

இண்டெக்ஸ் 37 வந்தபின் CH என்று எப்படி முடிவு செய்தார்கள்?

முதல் கேள்வி, 75 மைக்ரான் சல்லடையில் மண்ணின் பாதிக்கு மேல் விழுகிறதா என்பது. விழுந்தால்தான் அது நுண்மண், பிளாஸ்டிசிட்டி வரைபடம் அதற்குப் பெயர் வைக்கும். கரிசலில் இது பெரும்பாலும் தாராளமாக விழும்.

ஐ.எஸ். 1498 வரைபடத்தில் கிடை அச்சு லிக்விட் லிமிட், நிலை அச்சு பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ். 35 வரை குறைந்த பிசைவு, 35 முதல் 50 வரை இடைநிலை, 50-க்கு மேல் அதிகம். இவற்றைக் குறுக்கே வெட்டி ஏறுகிறது ஏ கோடு. அதற்கு மேல் விழுந்தால் களி, கீழே விழுந்தால் வண்டல் அல்லது கரிம மண்.

```
A-line:  PI = 0.73 × (LL − 20) = 0.73 × 44 = 32.1
U-line:  PI = 0.9 × (LL − 8)   = 0.9 × 56  = 50.4
```

நம் மண்ணின் 37, ஏ கோட்டின் 32.1-க்கு மேலே இருக்கிறது. லிக்விட் லிமிட் 50-ஐத் தாண்டியிருக்கிறது. ஆகவே அதிகப் பிசைவுள்ள களி, CH. ஏ கோட்டை இயற்பியல் விதியாக எண்ண வேண்டாம். காசாகிராண்டே ஏராளமான மண்களின் எண்களைப் பார்த்து, களியும் வண்டலும் பிரியும் இடத்தில் அனுபவத்தால் வரைந்தது அது.

யு கோடு எதற்கு என்று பலர் கவனிப்பதில்லை. இயற்கை மண்களின் எண்கள் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும். உங்கள் அறிக்கையின் புள்ளி யு கோட்டுக்கு மேலே விழுந்தால் அரிய மண் கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம், சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஒரே சவுடு மண்ணை இரண்டு லேபுக்கு அனுப்பினோம். ஒன்று CI என்கிறது, இன்னொன்று MI என்கிறது. யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகவே வேலை செய்திருப்பார்கள். இரண்டு அறிக்கையிலும் லிக்விட் லிமிட் 38 என்று வைத்துக்கொள்வோம். ஏ கோடு அந்த இடத்தில் 0.73 × 18, அதாவது 13.1. முதல் லேபில் பிளாஸ்டிக் லிமிட் 24, இண்டெக்ஸ் 14, கோட்டுக்கு மேல், இடைநிலைப் பிசைவுள்ள களி, CI. இரண்டாவது லேபில் பிளாஸ்டிக் லிமிட் 25, இண்டெக்ஸ் 13, கோட்டுக்குக் கீழே, இடைநிலைப் பிசைவுள்ள வண்டல், MI. பெயர் மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு சதவீதம். மேலே சொன்னபடி, திறந்து வைத்த டப்பா ஒன்றே அதைவிட அதிகமாகப் பிழை தரும்.

இங்கே சண்டை போடுவதில் பயனில்லை. ஐ.எஸ். 1498 எல்லையோரத்து மண்ணுக்கு CI-MI என்று இரட்டைக் குறியீடு தர இடம் கொடுக்கிறது, அதுதான் நேர்மையான பதில். முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இருந்தால், அதே தர நூலில் உள்ள கைச்சோதனைகளைச் சைட்டிலேயே செய்யலாம். குழைத்த மண்ணை உள்ளங்கையில் அடையாக வைத்து மறு கையால் பக்கவாட்டில் தட்டுங்கள். வண்டல் என்றால் மேற்பரப்பில் தண்ணீர் எழுந்து பளபளக்கும், விரலால் நசுக்கியதும் அந்தப் பளபளப்பு மறைந்து மண் விறைக்கும். களி என்றால் எவ்வளவு தட்டினாலும் அப்படியே இருக்கும். அடையைக் காய வைத்து விரலால் நொறுக்கிப் பார்ப்பது அடுத்தது. வண்டல் பொடியாக உதிரும், நல்ல களி விரலுக்கு மசியாது. இந்த இரண்டையும் பழகிய கண்காணிப்பாளர் ஒருவர், லேப் அறிக்கை வருமுன்பே மண்ணின் பெயரைச் சொல்லிவிடுவார்.

எங்கள் அமெரிக்கக் கன்சல்டன்ட் CL என்று எழுதிய மண்ணை இங்கே CI என்கிறார்கள். ஏன்?

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். முறையில் இடைநிலை என்ற வகை கிடையாது. லிக்விட் லிமிட் 50-க்குக் கீழே உள்ள களி எல்லாமே குறைந்த பிசைவுள்ள களி, CL. நம் முறையில் 35 முதல் 50 வரை தனியாக CI. மண் அதே மண்தான். எந்தத் தர நூல்படி என்று குறியீட்டின் பக்கத்தில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

மழைக்காலத்தில் இதே கரிசல் எப்படி நடந்துகொள்ளும் என்று இந்த எண்களிலிருந்து தெரியுமா?

இயற்கை நீர் அளவையும் சேர்த்தால் தெரியும். மே மாதம் 1 மீட்டர் ஆழத்தில் எடுத்த மண்ணில் 22 சதவீதம், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பரில் அதே இடத்தில் 38 சதவீதம் என்று கொள்வோம்.

```
LI = (w − PL) / PI
May:       (22 − 27) / 37 = −0.14
December:  (38 − 27) / 37 =  0.30
```

இதற்கு லிக்விடிட்டி இண்டெக்ஸ் என்று பெயர். பூஜ்யம் என்றால் பிளாஸ்டிக் லிமிட்டில் நிற்கிறது, 1 என்றால் லிக்விட் லிமிட்டில். மே மாதத்தில் எதிர்மறை எண் வருவதால் மண் உதிரும் நிலைக்கும் கீழே காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. டிசம்பரில் அது பிசையக்கூடிய களி. குழைத்த மண்ணின் வெட்டு வலிமை லிக்விட் லிமிட்டில் சுமார் 2 கிலோபாஸ்கல், பிளாஸ்டிக் லிமிட்டில் அதைவிட ஏறத்தாழ 100 மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மண் எங்கே நிற்கிறது என்பதைத்தான் லிக்விடிட்டி இண்டெக்ஸ் காட்டுகிறது.

இதனால்தான் கோடையில் போர் போட்டு எடுத்த அறிக்கையை மட்டும் வைத்துக் கரிசலில் முடிவெடுப்பது ஆபத்து. அட்டர்பெர்க் எல்லைகள் பருவத்துக்குப் பருவம் மாறாது. இயற்கை நீர் அளவு மாறும், மண்ணின் நடத்தையும் அதோடு மாறும். மாதிரி எடுத்த தேதி அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இண்டெக்ஸ் 37 என்றால் கட்டாயம் உப்பும் மண்ணா? கட்டடத்தைத் தூக்கிவிடுமா?

உப்பும் என்று சந்தேகிக்கப் போதுமான காரணம் இருக்கிறது. எவ்வளவு தூக்கும் என்று சொல்ல இது போதாது. ஐ.எஸ். 1498 அட்டவணையில் லிக்விட் லிமிட் 50 முதல் 70 வரை இருந்தால் உப்பும் தன்மை அதிகம், பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 32-ஐத் தாண்டினால் மிக அதிகம். நம் மண்ணில் ஒரு எண் அதிகம் என்கிறது, இன்னொன்று மிக அதிகம் என்கிறது.

அடுத்து எளிமையான ஃப்ரீ ஸ்வெல் சோதனை. 425 மைக்ரானில் விழுந்த காய்ந்த மண் 10 கிராம் ஒரு அளவு உருளையில் தண்ணீரோடு, 10 கிராம் இன்னொன்றில் மண்ணெண்ணெயோடு. 24 மணி நேரத்துக்குப் பிறகு மண் நிற்கும் அளவைப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதனால் அது ஒப்பிடும் அளவு. தண்ணீரில் 19 மி.லி., மண்ணெண்ணெயில் 10 மி.லி. வந்தால், கூடுதலான 9-ஐ 10-ஆல் வகுக்க 90 சதவீதம். அதே அட்டவணைப்படி 50 முதல் 100 வரை நடுத்தரம்.

இப்போது மூன்று எண்களும் மூன்று விதமாகப் பேசுகின்றன. இது தவறு என்று எண்ண வேண்டாம். பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் மண் எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது. நிலத்தில் உண்மையில் எவ்வளவு உப்பும் என்பது களியின் கனிம வகை, இப்போதுள்ள ஈரம், அடர்த்தி, மேலே இருக்கும் எடை நான்கையும் பொறுத்தது. ஒரே அளவு களித்துகள் இருந்தாலும் மாண்ட்மோரிலோனைட் உப்பும் அளவுக்குக் கயோலினைட் உப்பாது. எண்கள் ஒத்துப்போகாத இடத்தில், கலைக்காத மாதிரியில் ஐ.எஸ். 2720 பகுதி 41-இன்படி உப்பும் அழுத்தத்தை அளந்துவிடுவதுதான் வழி. அடித்தளத்தை எவ்வளவு ஆழத்தில் வைப்பது, அடியில் குமிழாக விரிந்த அண்டர்ரீம்டு பைல் வேண்டுமா என்ற கேள்விகளுக்கு அந்த அளவையும், ஈரம் பருவத்துக்கேற்ப மாறும் ஆழத்தையும் வைத்தே பதில் எழுத வேண்டும்.

சாலை வேலைக்கு அடிப்படுகையாகப் போடும் ஜி.எஸ்.பி. கலவையில் இண்டெக்ஸ் 6-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். கல்லும் சரளையும்தானே அது, அதற்கு எதற்குப் பிளாஸ்டிசிட்டி?

கல்லுக்கு நடுவே நிற்கும் நுண்மண்தான் தண்ணீர் வடிவதைத் தடுக்கிறது, ஈரத்தில் வழுக்குகிறது. சாலைத் துறை விவரக்குறிப்பு 425 மைக்ரானில் விழும் பகுதிக்கு லிக்விட் லிமிட் 25, இண்டெக்ஸ் 6 என்று வரம்பு வைப்பது அதற்காகவே. எண் அந்தப் பகுதியினுடையது மட்டும், முழுக் கலவையினுடையது அல்ல. அந்தப் பகுதி கலவையில் 10 சதவீதமா 30 சதவீதமா என்பதைச் சல்லடைப் பகுப்பாய்வோடு சேர்த்துப் பார்த்தால்தான் இண்டெக்ஸுக்கு அர்த்தம் வரும்.

எங்கள் மணல் மாதிரிக்கு NP என்று வந்திருக்கிறது. சோதனை செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். 3 மி.மீ. இழை உருட்டவே முடியாவிட்டால், NP, அதாவது பிசைவில்லாத மண் என்று எழுதுவார்கள். இண்டெக்ஸ் பூஜ்யம் என்று எழுதுவதைவிட NP என்பதே சரி.

லேப் அறிக்கை கையில் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முடிவுப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூலத் தாளைக் கேளுங்கள். டப்பா எடைகள் எழுதியிருக்க வேண்டும். அவற்றிலிருந்து ஒரு புள்ளிக்காவது நீங்களே நீர் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு புள்ளிகளில் 25-க்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாப் புள்ளியும் 28-க்கும் 35-க்கும் இடையில் கிடந்தால், கோட்டை நீட்டித்துத்தான் 25-ஐத் தொட்டிருக்கிறார்கள். அந்த லிக்விட் லிமிட்டை ஏற்க வேண்டாம். நீர் அளவு ஏற ஏற ப்ளோ குறைய வேண்டும், ஒரு புள்ளியில்கூட இது தலைகீழாக இருக்கக் கூடாது.

பிறகு ஒரே தளத்தின் வெவ்வேறு போர் துளைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே கரிசல் படுகையில் எடுத்த மாதிரிகளின் புள்ளிகளை வரைபடத்தில் குறித்தால், அவை ஏ கோட்டுக்கு ஏறக்குறைய இணையான ஒரு பட்டையில் சாய்வாக வரிசையாகும். அந்த வரிசையிலிருந்து விலகி ஒரு புள்ளி மட்டும் கீழே விழுந்திருந்தால், அந்த ஆழத்தில் வேறு மண் இருக்கலாம், அல்லது இழையைச் சரியாக உருட்டாமல் விட்டிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள, மீதி மண் இருக்கும் பையைத் திறந்து நீங்களே ஒரு பிடி எடுத்துக் குழைத்து உருட்டிப் பாருங்கள். லேபில் மீதி மண்ணை அறிக்கை ஏற்கப்படும் வரை தூக்கி எறியக் கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.